தாருக்கு அடியில் இருக்கும் அளவு

கேள்வி: ஐயா, நான் பி.காம். முடித்து உள்ளாட்சி நிதித் தணிக்கையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் 1,450 மீட்டர் சாலைப் பணி. மூன்று பகுதிப் பட்டியல்களுக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள், இறுதிப் பட்டியல் இன்னும் வரவில்லை. அளவுப் புத்தகமான எம்-புக்கில் உள்ள நீளம், அகலம், கனத்தைப் பெருக்கிப் பார்த்தேன், எங்கும் பிசகவில்லை. ஆனால் அந்த அளவே நிஜமா என்று எனக்கு எப்படித் தெரியும்? மேலே தார் போட்டாயிற்று. கேட்டால், "நடந்து பாருங்கள், சாலை இருக்கிறதே" என்கிறார்கள். பொறியியல் படிக்காத நான் எதைப் பார்க்க வேண்டும்? எம்-புக், லெவல் புத்தகம், நடைச்சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

நகல்கள் முழுவதையும் படித்தேன். பெருக்கல் சரியாக இருப்பதில் வியப்பில்லை, எம்-புக்கில் பெருக்கலைத் தப்பாகப் போடுகிறவர்கள் குறைவு. தவறு இருந்தால் அது பெருக்கப்படும் மூன்று எண்களில் இருக்கும். அவற்றில் நீளமும் அகலமும் இன்றைக்கும் சாலையில் இருக்கின்றன, டேப்பை எடுத்துக்கொண்டு போனால் அளந்துவிடலாம். கனம் மட்டும் அப்படியில்லை. ஒரு அடுக்கின் கனம் ரோலர் ஓடி முடிந்த நாளிலிருந்து அடுத்த அடுக்கு விழும் நாள் வரைதான் அளக்கக் கிடைக்கும். பகுதிப் பட்டியலாகப் பணம் போகும் பணியில் அந்தச் சில நாட்களில் யார் வந்தார், என்ன அளந்தார், எதில் எழுதினார் என்பதுதான் தணிக்கையாளருக்கு மிஞ்சுகிறது. அதைப் படிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒரு பட்டியலின் பதிவை இன்னொரு பட்டியலின் பதிவோடு பொருத்திப் பார்க்கும் பொறுமை போதும்.

முதலில் நீளத்தை முடித்துவிடுவோம். பகுதிப் பட்டியல் ஒவ்வொன்றிலும் 'இதுவரை மொத்தம்', 'முந்தைய பட்டியல் வரை', 'இப்போது' என்று மூன்று அளவுகள் வரும். பெரும்பாலும் 'இப்போது' என்ற அளவைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் பணி தொடங்கிய நாளிலிருந்து மொத்தமாகப் பார்த்தால்தான் இரட்டிப்பு கண்ணில் படும். இதற்கு ஒரு வரைபடத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். கிடையாக ஒரு கட்டத்துக்கு 10 மீட்டர் வீதம் 0 முதல் 1,450 வரை செயினேஜ், அதாவது சாலைத் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம், போடுங்கள். ஜி.எஸ்.பி. என்கிற சரளை அடித்தளத்துக்கு ஒரு வரி, அதன் மேல் வரும் ஈரக்கலவை ஜல்லிக்கு ஒரு வரி, தாருக்கு ஒரு வரி. எம்-புக்கில் ஒவ்வொரு பதிவையும் படித்து, அந்த நீளத்துக்குக் கோடு இழுத்து, பட்டியல் எண்ணையும் பக்க எண்ணையும் மேலே எழுதுங்கள். பட்டியலுக்கு ஒரு நிறம் வைத்துக்கொண்டால் நல்லது.

உங்கள் பணிக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். ஜி.எஸ்.பி. வரியில் முதல் பட்டியல் 0 முதல் 800 வரை போகிறது. இரண்டாம் பட்டியல் 780-இல் தொடங்கி 1,450 வரை போகிறது. 780-க்கும் 800-க்கும் நடுவே இரண்டு நிறம் விழுகிறது. இது 20 மீட்டர் இரட்டிப்பு. பக்கங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரிதான்: 800 மீட்டர், 670 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 1,470 மீட்டர் வருகிறது, சாலையோ 1,450 மீட்டர்தான். இது திட்டமிட்ட ஏமாற்று என்று எடுத்தவுடன் சொல்ல மாட்டேன். அடுத்த நாள் வேலையைத் தொடங்கும்போது முந்தைய நாள் முடித்த விளிம்பைக் கொஞ்சம் கிளறிவிட்டுச் சேர்ப்பது வழக்கம், அளந்தவர் கிளறிய இடத்திலிருந்து டேப்பைப் பிடித்திருக்கலாம். காரணம் எதுவானாலும் அந்த 20 மீட்டருக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறது.

அடுத்து கழிவு, அதாவது அடுக்கு போடாத நீளத்தைக் கழிப்பது. எம்-புக்கில் மூன்று பட்டியலிலும் ஒரு இடத்தில்கூட நீளத்தில் கழிவு போடவில்லை. மதிப்பீட்டில் உள்ள நீளவாக்கு வரைபடத்திலோ 265, 910 ஆகிய இடங்களில் பலகைப் பாலம், 610-இல் குழாய்ப் பாலம், 1,115 முதல் 1,173 வரை ஊருக்குள் ஏற்கெனவே இருக்கும் சிமெண்ட் சாலை, அதை அப்படியே விட்டுவிடுவது என்று குறித்திருக்கிறார்கள். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பலகைப் பாலத்தில் கான்கிரீட் பலகையே சாலை மட்டத்தில் இருக்கும், அதன் மேல் சரளையும் ஜல்லியும் போகாது. ஆகவே தலா 6 மீட்டர், இரண்டுக்கும் 12 மீட்டர் கழிக்க வேண்டும். குழாய்ப் பாலத்தில் குழாய்க்கு மேல் மண் மூடி, அதன் மேல் எல்லா அடுக்கும் வழக்கம்போலப் போகும், அதைக் கழிக்கக் கூடாது. பாலம் என்று பார்த்த இடத்திலெல்லாம் கழித்து எழுதினால், பதில் வரும்போது அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஆட்சேபணை முழுவதையும் தள்ளிவிடுவார்கள். சிமெண்ட் சாலை 58 மீட்டர், அதில் சந்தேகமே இல்லை. நீங்கள் அந்த இடத்தில் நடந்திருப்பீர்கள், காலடியில் தார் இருந்ததா சிமெண்ட் இருந்ததா என்று உங்களுக்கே தெரியும்.

ஆக, அடுக்குகள் உண்மையில் விழுந்த நீளம் 1,450-இல் 70 போக 1,380 மீட்டர். அகலம் 3.75, கனம் 0.150. ஜி.எஸ்.பி. 776.25 கன மீட்டர் வர வேண்டும். பணம் கொடுத்தது 826.875 கன மீட்டருக்கு. அதிகம் 50.625. ஈரக்கலவையில் இரட்டிப்பு இல்லை, ஆனால் கழிவு போடாததால் 815.625 என்று எழுதியிருக்கிறார்கள். அதே 776.25-தான் வர வேண்டும், அதிகம் 39.375. தார் அடுக்குக்குச் சிமெண்ட் சாலையின் 58 மீட்டரை மட்டும் கழியுங்கள், பலகைப் பாலத்தின் மேல் தார் ஓட்டியிருக்கக்கூடும், அதை நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். இதுவரை சொன்னதற்கு மண்ணைத் தோண்ட வேண்டாம், யாருடைய கருத்தும் வேண்டாம். அவர்களுடைய எம்-புக்கும் அவர்களுடைய வரைபடமும் போதும்.

அகலத்தை நேரில் 50 மீட்டருக்கு ஓர் இடத்தில் பாருங்கள். நீளத்தை அளக்கும்போது வளைவில் சாலையின் நடுக்கோட்டில் டேப் போக வேண்டும், உள் விளிம்பில் பிடித்தால் குறையும், வெளி விளிம்பில் பிடித்தால் கூடும். இதற்கு மேல் அவற்றில் நேரம் செலவிட வேண்டாம். கனத்துக்கு வருவோம்.

கனத்துக்குப் பணம் கொடுக்கும் முறையை ஒப்பந்தத்தோடு இணைத்த விவரக்குறிப்பு சொல்லும். உங்கள் ஒப்பந்தத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலை, பாலப் பணிகளுக்கான விவரக்குறிப்பை ஏற்றிருக்கிறார்கள். அதன் 113-ஆம் பிரிவைப் பொறியாளரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். கன அளவில் பணம் கொடுக்கும் அடுக்குகளுக்கு, அடுக்கு போடுவதற்கு முன்பும் பின்பும் மட்டம் எடுக்க வேண்டும். நேரான சாலையில் 10 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, வளைவில் 5 மீட்டருக்கு ஒன்று. உங்களுடையது போன்ற ஒருவழித் தடத்தில் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் இரண்டு புள்ளிகள், இரு விளிம்பிலிருந்தும் 1.25 மீட்டர் உள்ளே. அதே புள்ளியை அடுத்த அடுக்கிலும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக ஓரத்தில் செங்கல் புதைத்து அடையாளம் வைக்கச் சொல்கிறது. பின் மட்டத்திலிருந்து முன் மட்டத்தைக் கழித்தால் அந்தப் புள்ளியின் கனம். அந்தப் பரப்பில் உள்ள எல்லாப் புள்ளிகளின் சராசரிதான் பணத்துக்கான கனம், அதுவும் வரைபடத்தில் உள்ள கனத்துக்கு மேல் போகக் கூடாது.

அந்தக் கடைசி வரியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு சாலையில் முதல் 500 மீட்டரில் 165 மில்லிமீட்டர், அடுத்த 500 மீட்டரில் 135 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகச் சராசரி எடுத்தால் 150, குறையே இல்லை என்று பட்டியல் போய்விடும். பகுதி பகுதியாக எடுத்தால் முதல் பாதிக்கு 150-க்கு மேல் கிடையாது, இரண்டாம் பாதிக்கு 135-தான். வித்தியாசம் 28 கன மீட்டருக்கு மேல். ஒரு பக்கத்தில் கூடுதலாகக் கொட்டியது இன்னொரு பக்கத்துச் சாலையைத் தாங்காது என்பதால் நான் எப்போதும் 100 மீட்டருக்கு ஒரு சராசரி கேட்பேன். அந்த அளவுக்கு நறுக்கிப் பார்க்கும்போதுதான் மெலிந்த இடம் தெரியும்.

இப்போது உங்கள் லெவல் புத்தகத்தைத் திறப்போம். செயினேஜ் 420, இடது புள்ளி. முதல் பட்டியலுக்கு எடுத்த மட்டத்தில் மண் தளம் 41.232, அதன் மேல் ஜி.எஸ்.பி. முடிந்தபின் 41.382. கனம் 150, சரி. இரண்டாம் பட்டியலில் ஈரக்கலவைக்கு எடுத்த மட்டத்தில் தொடக்கம் 41.352, முடிவு 41.502. அங்கேயும் கனம் 150, அதுவும் சரி. ஆனால் ஈரக்கலவை எதன் மேல் விழுகிறது? ஜி.எஸ்.பி.யின் மேல். அப்படியானால் ஜி.எஸ்.பி. முடிந்த மட்டமும் ஈரக்கலவை தொடங்கிய மட்டமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? 41.382-இல் முடிந்தது 41.352-இல் தொடங்குகிறது. இடையில் 30 மில்லிமீட்டர் காணோம். கீழிருந்து மேல் வரை நேராகக் கழித்துப் பாருங்கள்: 41.502-இல் 41.232 போனால் 270. ஒன்றியம் பணம் கொடுத்ததோ 300-க்கு.

340 முதல் 540 வரை 200 மீட்டருக்கு ஏறக்குறைய எல்லாப் புள்ளியிலும் இதே 30 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. 200 × 3.75 × 0.030, அதாவது 22.5 கன மீட்டர். ஜி.எஸ்.பி. முதல் பட்டியலில் முடிந்தது, ஈரக்கலவை இரண்டாம் பட்டியலில் வந்தது. இரண்டு பட்டியலையும் வெவ்வேறு நாளில், வேறு வேறு ஆள் சரிபார்த்திருப்பார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் திறந்து வைத்தால்தான் இது தெரியும். பகுதிப் பட்டியல் பணியில் நான் முதலில் தேடுவது இந்தத் தையல் இடத்தைத்தான்: கீழ் அடுக்கின் முடிவும் மேல் அடுக்கின் தொடக்கமும்.

ஆனால் உடனே குற்றச்சாட்டாக எழுதிவிடாதீர்கள். இப்படி வருவதற்கு நாலு காரணம் இருக்கலாம். முதலாவது, மட்டம் எடுத்ததில் தவறு. உயரம் தெரிந்த நிலையான புள்ளியான பெஞ்ச் மார்க்கின் மதிப்பை மாற்றி எடுத்திருந்தால் அந்த நாளின் எல்லா அளவும் ஒரே அளவுக்கு நகர்ந்திருக்கும். இங்கே 340-க்கு முன்பும் 540-க்குப் பின்பும் பொருந்துகிறது, ஆகவே பெஞ்ச் மார்க் காரணமில்லை. கருவியை இடம் மாற்றியபோது ஒரு நிலையில் மட்டும் தவறியிருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள, மட்டத்தைத் தொடங்கிய பெஞ்ச் மார்க்கிலோ வேறொரு தெரிந்த புள்ளியிலோ கொண்டுபோய் முடித்தார்களா, முடித்தபோது வித்தியாசம் எவ்வளவு வந்தது என்று லெவல் புத்தகத்தில் பாருங்கள். 540-இல் தானாகவே பொருந்திவிடுகிறது என்பதால் எனக்கு இந்தக் காரணத்தில் நம்பிக்கை குறைவு, ஆனாலும் கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, ஜி.எஸ்.பி. 150 உண்மையாகவே போட்டு, ஈரக்கலவை வருவதற்குள் மழையிலும் லாரி ஓட்டத்திலும் கரைந்து 120 ஆகியிருக்கலாம். ஒப்பந்ததாரர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள், சில சமயம் அது உண்மையும்கூட. அப்படியிருந்தாலும் பணியை ஒப்படைக்கும் வரை அடுக்கைப் பேணுவது அவர் பொறுப்பு. கரைந்ததைச் சரிசெய்துவிட்டு மேலே போயிருக்க வேண்டும். மூன்றாவது, ஜி.எஸ்.பி. எப்போதுமே 120-தான், முடிவு மட்டத்தை ஏற்றி எழுதியிருக்கிறார்கள். நாலாவது, ஜி.எஸ்.பி. சரியாக 150, ஈரக்கலவைதான் 120. அதை 150 ஆக்கத் தொடக்க மட்டத்தை இறக்கி எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவதோ மூன்றாவதோ என்றால் குறைந்தது ஜி.எஸ்.பி. நாலாவது என்றால் குறைந்தது ஈரக்கலவை, அதன் விலை அதிகம், பிடித்தமும் அதிகம். இதைக் காகிதத்தால் தீர்க்க முடியாது. குழி வெட்டினால்தான் தீரும். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் லெவல் புத்தகத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது.

1,000 முதல் 1,450 வரை ஜி.எஸ்.பி. மட்டங்கள். 46 குறுக்குவெட்டு, 92 புள்ளிகள். 92-இலும் கனம் சரியாக 150. ஒரு புள்ளியில்கூட 145 இல்லை, 155 இல்லை. மட்டம் எடுக்கும் ஸ்டாஃபில் பொதுவாக 5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு இருக்கும். மண் தளம் கண்ணாடி போல இருக்காது, சரளையில் பெரிய கல்லும் சின்னக் கல்லும் கலந்திருக்கும். உண்மையில் எடுத்த மட்டம் என்றால் 140, 155, 150, 160, 145 என்று சிதறித்தான் வரும். ஒரே எண்ணாக வரிசையில் நின்றால், தொடக்க மட்டத்தோடு 0.150 கூட்டி முடிவு மட்டத்தை மேசையில் எழுதினார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும்.

பொதுவாக இது சந்தேகத்தோடு நின்றுவிடும். உங்கள் பணியில் அதற்கு மேலும் ஒன்று கிடைக்கிறது. 1,115 முதல் 1,173 வரை சிமெண்ட் சாலை என்று பார்த்தோம் இல்லையா? லெவல் புத்தகத்தில் 1,120, 1,130 என்று 1,170 வரை ஆறு குறுக்குவெட்டிலும், 12 புள்ளியிலும் ஜி.எஸ்.பி. 150 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. சரளையே போடாத, இன்றைக்கும் பழைய சிமெண்ட் தெரிகிற இடத்தில் சரளையின் மட்டம்! கருவியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போன எவரும் அதை எழுதியிருக்க முடியாது. இந்த 12 புள்ளிகளை வைத்து, 1,000 முதல் 1,450 வரையிலான மட்டப் பதிவு முழுவதையும் ஏற்க முடியாது என்று நீங்கள் தைரியமாக எழுதலாம். கருவியில் படித்த மூல எண்கள் உள்ள களப் புத்தகத்தைக் கேளுங்கள். இருந்தால் கொடுப்பார்கள்.

மட்டங்களோடு தேதிகளையும் பாருங்கள். ஓவர்சியரோ உதவிப் பொறியாளரோ எடுத்த அளவை உதவி செயற்பொறியாளர் களத்தில் சரிபார்த்து எம்-புக்கில் கையெழுத்திட்டுத் தேதி போட வேண்டும். அந்தத் தேதி, அடுக்கு முடிந்த நாளுக்கும் அடுத்த வேலை தொடங்கிய நாளுக்கும் நடுவில் விழ வேண்டும். மூன்றாம் பட்டியலில் 700 முதல் 1,450 வரை ஈரக்கலவையை மார்ச் 18 அன்று சரிபார்த்ததாகக் கையெழுத்து இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் அதே நீளத்துக்கு மார்ச் 14-இல், தார் கலவைக்கு முன் ஜல்லி மேல் போடும் ப்ரைம் கோட் தெளித்ததாக இருக்கிறது, தார் கலவை 16-இல் தொடங்கியிருக்கிறது. தார் விழுந்த பிறகு அதன் அடியில் உள்ள ஜல்லியின் கனத்தை மேலிருந்து பார்த்துச் சரிபார்க்க முடியாது. ஒன்று தேதி தவறு, அல்லது சரிபார்ப்பு நடக்கவில்லை. இரண்டில் எது என்று அவர்கள்தான் எழுத்தில் சொல்ல வேண்டும். ரோலர் ஓடிய பதிவேடு, அடர்த்திச் சோதனை எடுத்த நாள், தார் வாங்கிய ரசீது ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம்-புக்கைத் திருத்தினாலும் இத்தனை இடத்திலும் தேதியைத் திருத்துவது எளிதல்ல.

நடைச்சீட்டுக்கு வருவோம். குவாரியிலிருந்தும் கிரஷரிலிருந்தும் வரும் ஒவ்வொரு லோடுக்கும் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இருக்க வேண்டும். இதை வைத்துக் கனத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். ஈரக்கலவையின் இறுகிய அடர்த்தி கன மீட்டருக்கு 2.2 டன் அளவில் இருக்கும், உங்கள் பணியின் சரியான எண் ஆய்வக அறிக்கையில் கிடைக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 776.25 கன மீட்டருக்கு சுமார் 1,708 டன் வேண்டும். நீங்கள் அனுப்பிய சீட்டுகளில் தார்க் கலவைக்குப் போனவற்றைத் தனியாக எடுத்துவிட்டு, ஈரக்கலவைக்கான எல்லா அளவு ஜல்லியையும் கிரஷர் துகளையும் கூட்டினால் 1,290 டன்தான் வருகிறது. அது 586 கன மீட்டருக்குத்தான் காணும். 1,380 மீட்டர் நீளத்தில் பரப்பினால் கனம் 113 மில்லிமீட்டர்.

இதை வைத்து மட்டும் பிடித்தம் செய்ய முடியாது. சீட்டு தொலைந்திருக்கலாம், முன்பே இருப்பில் இருந்த ஜல்லியைப் பயன்படுத்தியிருக்கலாம். எதிர்த்திசையிலும் ஏமாறக் கூடாது: சீட்டு போதுமான அளவு இருக்கிறது என்பதாலேயே ஜல்லி இங்கே வந்துவிட்டது என்று பொருள் இல்லை, அதே சீட்டின் நகலை இன்னொரு பணிக்கோப்பிலும் வைத்திருக்கலாம். சீட்டு எண், வண்டி எண், நேரம் மூன்றையும் பாருங்கள். ஒரே வண்டி தூரத்துக் குவாரியிலிருந்து அரை மணி நேரத்தில் இரண்டு நடை வந்திருந்தால் கேள்வி கேளுங்கள். இன்னொன்று, சீட்டில் கன மீட்டரில் அளவு இருந்தால் அது லாரியில் தளர்வாகக் கிடக்கும் அளவு. உருட்டி இறுக்கினால் குறையும், 1.3 கன மீட்டர் தளர்ந்த ஜல்லி ஏறக்குறைய 1 கன மீட்டராக இறுகும். தளர்ந்ததை இறுகியதோடு நேராக ஒப்பிட்டால் ஜல்லி மிச்சம் இருப்பது போலத் தோன்றும், குறையே தெரியாது. டன்னில் ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் கிடையாது.

இப்போது குழி. மட்டத்துக்குத் துணையாகக் குழி வெட்டியும், உருளையாக வெட்டியெடுக்கும் மாதிரியான கோர் எடுத்தும் கனத்தைச் சரிபார்க்கப் பொறியாளருக்கு அதே 113-ஆம் பிரிவு உரிமை தருகிறது, ஒப்பந்ததாரர் தன் செலவில் மூடித் தர வேண்டும். நீங்களாகக் கடப்பாரை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கூட்டாய்வு வேண்டும் என்று ஒன்றியத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பொறியாளரும் ஒப்பந்ததாரரும் இருக்க வேண்டும், ஒப்பந்ததாரருக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போக வேண்டும். வராவிட்டால், அறிவிப்புக் கிடைத்தும் வரவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டுத் தொடரலாம்.

எங்கே வெட்டுவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அன்று காலையில் சொன்னால் போதும். உங்கள் பணியில் நான் 340-க்கும் 540-க்கும் நடுவில் மூன்று இடம் கேட்பேன், 1,000-க்கு மேல் மூன்று இடம், ஒப்பிடுவதற்காக, பதிவுகள் பொருந்துகிற நீளத்தில் ஒரு இடம். இடது, வலது மாறி மாறி வரட்டும். விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டாம், அங்கே அடுக்குகள் சரிந்து மெலிந்திருக்கும், அது ஒப்பந்ததாரருக்கு நியாயமாகாது. மட்டம் எடுத்த 1.25 மீட்டர் கோட்டிலேயே வெட்டினால் லெவல் புத்தகத்தோடு நேராக ஒப்பிடலாம். ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம் போதும். பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கித் துடைத்தால் கோடு தெரியும்: மேலே கறுப்புத் தார், அடுத்து சாம்பல் நிற உடைகல் ஈரக்கலவை, அதன் கீழே சரளை, கீழே மண். நாலு சுவரிலும் இரும்பு ஸ்கேலை வைத்து ஒவ்வொரு அடுக்கையும் அளந்து சராசரி எடுங்கள். சரளையின் அடிக்கோடு சில இடங்களில் மங்கலாக இருக்கும், கல் மண்ணுக்குள் அழுந்தியிருக்கும். அங்கே 5, 10 மில்லிமீட்டருக்குச் சண்டை போட வேண்டாம். ஸ்கேல் வைத்த நிலையில் செயினேஜ் எழுதிய பலகையோடு படம் எடுத்து, அங்கேயே ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அன்றே குழியை மூடச் சொல்லுங்கள், இரவில் இருசக்கர வண்டி வரும் சாலை அது.

340 முதல் 540 வரையிலான குழியில் ஈரக்கலவை 150, சரளை 120 என்று வந்தால் 22.5 கன மீட்டரை ஜி.எஸ்.பி. விலையில் பிடிக்க வேண்டும். ஈரக்கலவை 120, சரளை 150 என்று வந்தால் அதே 22.5 ஈரக்கலவை விலையில். இரண்டும் 150 என்று வந்தால் மட்டம் எடுத்ததில்தான் தவறு, அந்த ஆட்சேபணையைக் கைவிட்டுவிடுங்கள். நடைச்சீட்டு காட்டுவது போல ஈரக்கலவை 115 பக்கத்தில் எல்லா இடத்திலும் வந்தால் விஷயம் 200 மீட்டரோடு நிற்காது. ஏழு குழியை வைத்து 1,380 மீட்டருக்கும் பிடித்தம் போடக் கூடாது, முழு நீளத்துக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் குழியும் கோரும் எடுத்துப் புதிதாக அளவெடுக்கச் சொல்ல வேண்டும். மேற்பரப்பு மட்டத்தில் சில மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வை விவரக்குறிப்பு அனுமதிக்கிறதே என்று பதில் வரும். அந்த அனுமதி, வேலையை ஏற்றுக்கொள்ளலாமா என்பதற்கு. பணம் கிடைப்பது அளந்து வந்த சராசரிக் கனத்துக்குத்தான்.

அறிக்கையில் இரண்டையும் கலக்காமல் எழுதுங்கள். இரட்டிப்பும் கழிவும் அவர்கள் ஆவணத்திலிருந்தே உறுதியானவை: ஜி.எஸ்.பி. 50.625, ஈரக்கலவை 39.375, தார் அடுக்கில் 58 மீட்டருக்குரிய 217.5 சதுர மீட்டர். இவற்றுக்கு எம்-புக் பக்கம், பட்டியல் எண், ஒப்பந்த விலை, தொகை என்று எழுதிப் பிடித்தம் கேட்கலாம். மட்டத்தில் உள்ள 30 மில்லிமீட்டர், ஒரே எண்ணான 92 புள்ளிகள், மார்ச் 18 கையெழுத்து, நடைச்சீட்டுக் குறைவு ஆகியவை விளக்கம் கேட்க வேண்டியவை, கூட்டாய்வுக்குக் காரணமானவை. அவற்றுக்குத் தொகை போட வேண்டாம், குழி வெட்டிய பிறகு போடுங்கள்.

நாளைத் தள்ளாதீர்கள். பகுதிப் பட்டியலில் கொடுத்த பணம் இறுதி அளவுக்கு உட்பட்டது, அதிகம் போனதை இறுதிப் பட்டியலிலோ பிடித்து வைத்த தொகையிலோ சரிக்கட்டலாம். இறுதிப் பட்டியலுக்கும் பணம் போய், வைப்புத்தொகையும் திரும்பிவிட்டால், 90 கன மீட்டருக்கான பணத்தைத் திரும்ப வாங்கக் கடிதப் போக்குவரத்திலேயே வருடங்கள் ஓடிவிடும். நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது, இந்த அளவுகள் தீரும் வரை இறுதிப் பட்டியலை அனுமதிக்க வேண்டாம் என்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு அரைப் பக்கக் குறிப்பு. எம்-புக்கின் பக்கங்களை இன்றைய நிலையில் நகலெடுத்து, ஒவ்வொரு நகலிலும் அலுவலகக் கையொப்பம் வாங்கிக்கொண்டு அதை அனுப்புங்கள்.